திட்டு மறையட்டும், துளை இருக்கட்டும்

கல்யாண ஆல்பத்தில் மணப்பெண்ணின் குளோஸ்-அப் படம் மெழுகு பூசினதுபோல் வழுவழுவென்று இருந்தால், யாரோ பிளர் டூலை எடுத்து நன்றாகத் தேய்த்திருக்கிறார் என்று அர்த்தம். தேய்த்தவர் மறைக்க நினைத்தது கன்னத்து மங்கையும் வாயைச் சுற்றியிருந்த கருமையையும்தான். அவற்றோடு தோலின் துளைகளும், பூனைமுடியும், மெல்லிய கோடுகளும் சேர்ந்தே போய்விட்டன. எது நிறத் திட்டு, எது தோலின் இயல்பு என்று பிளருக்குத் தெரியாது. எதிரே வந்ததையெல்லாம் சராசரியாக்கிவிட்டுப் போகும்.

இந்த இரண்டையும் முதலிலேயே தனித்தனி லேயராகப் பிரித்து, திட்டு இருக்கிற லேயரில் மட்டும் கைவைப்பதுதான் ஃபிரீக்வென்சி செப்பரேஷன். போட்டோஷாப்பில் லேயர், மாஸ்க், லாசோ எல்லாம் பழகியவர்களுக்கு இது புதிய பெயராக இருக்காது. பலரிடம் இதற்கென்று ஒரு ஆக்‌ஷனே இருக்கும். பட்டனை அழுத்தினால் இரண்டு லேயரும் தயாராகிவிடும். அதற்குள் Scale 2, Offset 128 என்று இரண்டு எண்கள் உட்கார்ந்திருக்கின்றன. அவை எதற்கு என்று தெரியாமலும் வேலை நடக்கும். ஆனால் துளை மங்கினாலோ, முடியோரத்தில் வெள்ளைக் கோடு விழுந்தாலோ எங்கே தப்பு என்று பிடிபடாது.

ஒரு கன்னத்தை மூக்கிலிருந்து காது வரை ஒவ்வொரு பிக்சலாகக் கடந்து போவதாக வைத்துக்கொள்வோம். வெளிச்சம் மெதுவாகக் குறைந்துகொண்டே போகும். அந்த மாற்றம் நிகழ நூற்றுக்கணக்கான பிக்சல்கள் ஆகும். இதுதான் லோ ஃபிரீக்வென்சி. முகத்தின் உருண்டை வடிவம், நிழல், மங்கு, கருவளையம் எல்லாம் இந்தக் கணக்கில் வரும். அதே கன்னத்தில் ஒரு துளையைக் கடக்கும்போது மூன்று பிக்சல் இருட்டு, அடுத்த மூன்று பிக்சல் வெளிச்சம் என்று சட்டென மாறும். அது ஹை ஃபிரீக்வென்சி. துளை, பூனைமுடி, இமைமயிர், சுருக்கக் கோடு இதில் சேரும்.

படத்தை இப்படி அடுக்கடுக்காகப் பிரித்துத் திரும்பச் சேர்க்கும் யோசனை போட்டோஷாப்பை விடப் பழையது. பீட்டர் பர்ட்டும் எட்வர்ட் ஏடெல்சனும் 1983-இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை, படத்தை மங்கலாக்கி, அசலிலிருந்து அந்த மங்கலைக் கழித்து, மிச்சத்தைத் தனியே வைத்துக்கொள்ளும் முறையை விவரித்தது. படத்தைச் சுருக்கிச் சேமிப்பது அவர்கள் நோக்கம், அழகுபடுத்துவது அல்ல. கிட்டத்தில் பார்த்தால் ஐன்ஸ்டைன், தள்ளி நின்று பார்த்தால் மர்லின் மன்றோ என்று இணையத்தில் சுற்றும் படத்தைப் பலர் பார்த்திருப்பீர்கள். ஆட் ஒலிவா என்ற ஆய்வாளர் உருவாக்கியது அது. ஐன்ஸ்டைனின் ஹை ஃபிரீக்வென்சியையும் மன்றோவின் லோ ஃபிரீக்வென்சியையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்திருக்கிறார். ஒருவர் தோலின் துளையை இன்னொருவர் முகவடிவத்தின் மேல் உட்கார வைக்கவே முடியும் என்றால், ஒரே முகத்தின் நிறத்தை மட்டும் மாற்றிவிட்டு துளையை அப்படியே விடுவது பெரிய காரியமில்லை.

போட்டோஷாப்பில் லோ ஃபிரீக்வென்சியை எடுப்பது சுலபம்: Gaussian Blur கொடுத்தால் அதுதான். சூட்சுமம், பிளர் எதை அழித்ததோ அதைச் சேகரித்து வைப்பதில் இருக்கிறது. அசலிலிருந்து பிளரைக் கழித்தால் அழிந்தது முழுவதும் கையில் கிடைக்கும்.

கணக்காகப் பார்த்துவிடலாம். சிவப்பு சேனலை மட்டும் எடுத்துக்கொள்வோம். மங்கு உள்ள இடத்தில் ஒரு துளையின் மதிப்பு 110, அதன் விளிம்பு 130. பிளர் செய்தபின் இரண்டு இடமும் 120 ஆகிவிடும். அசலுக்கும் பிளருக்கும் உள்ள வித்தியாசம் துளையில் −10, விளிம்பில் +10. இந்த வித்தியாசங்களை ஒரு லேயரில் எழுதி வைக்கவேண்டும். லேயருக்கோ 0 முதல் 255 வரைதான் எண்கள், மைனஸ் கிடையாது. வித்தியாசம் −255 முதல் +255 வரை எதுவாகவும் இருக்கலாம். அதனால் இரண்டால் வகுத்து, நடுச்சாம்பலான 128-ஐக் கூட்டி எழுதுகிறோம். Scale 2, Offset 128 என்பது இவ்வளவுதான். துளை 123 ஆகவும் விளிம்பு 133 ஆகவும் பதிவாகும். வித்தியாசமே இல்லாத இடம் 128, வெறும் சாம்பல்.

பாதியாக்கி எழுதியதைத் திரும்ப இரண்டு மடங்காக்கித்தான் கூட்டவேண்டும். அதைத்தான் Linear Light என்ற பிளெண்ட் மோடு செய்கிறது.

```
High   = (Original − Low) ÷ 2 + 128
Result = Low + 2 × (High − 128)
```

துளை: 120 + 2 × (123 − 128) = 110. விளிம்பு: 120 + 2 × (133 − 128) = 130. அசல் அப்படியே திரும்பி வந்துவிட்டது.

இப்போது Low லேயரில் மட்டும் அந்த இடத்தை 120-லிருந்து 144-க்கு ஏற்றிப் பாருங்கள். துளை 134, விளிம்பு 154. திட்டு வெளுத்துவிட்டது, துளைக்கும் விளிம்புக்கும் இடையே இருந்த 20 அப்படியே 20-ஆக நிற்கிறது. நேரடியாகப் பிளர் அடித்திருந்தால் இரண்டும் 120 ஆகி, அந்த 20 பூஜ்யமாகியிருக்கும். துளை தெரிவது அந்த 20-ஆல்தான். இந்த உத்தியின் முழு விஷயமும் இந்த ஒரு கணக்கில் அடங்கிவிடுகிறது.

இனி ஒரு படத்தை எடுத்துக்கொண்டு வேலை செய்வோம். 24 மெகாபிக்சல் கேமராவில் நிமிர்த்தி எடுத்த மணப்பெண் படம். தாடையிலிருந்து நெற்றி முடியோரம் வரை முகம் சுமார் 1500 பிக்சல். இடது கன்னத்தில் 150 பிக்சல் அகலத்துக்கு ஒரு மங்கு. அதைச் சுற்றிச் சின்னச் சின்னத் திட்டுகள். தாடையில் ஒரு பரு. நெற்றியில் வியர்வையும் ஃபிளாஷும் சேர்ந்து ஒரு பளபளப்பு. ராவிலிருந்து 16 பிட்டாகத் திறந்திருக்கிறோம். நிறம் சரிசெய்தாகிவிட்டது, ஷார்ப்பன் செய்யவில்லை. ஷார்ப்பன் செய்துவிட்டு வந்தால் மிகைப்படுத்திய துளைகளே ஹை லேயரில் போய் உட்காரும். அந்த வேலையைக் கடைசிக்கு ஒதுக்கிவிடுங்கள்.

Ctrl+J இரண்டு தடவை. கீழே உள்ள நகலுக்கு Low, மேலே உள்ளதற்கு High என்று பெயர். High லேயரின் கண்ணை அணைத்துவிட்டு Low லேயரில் Filter > Blur > Gaussian Blur. எத்தனை ரேடியஸ் என்பதற்கு இப்போதே வருகிறேன். பிறகு High லேயரைத் திறந்து, அதைத் தேர்ந்தெடுத்து Image > Apply Image. அதில் கொடுக்கவேண்டியது படம் எத்தனை பிட் என்பதைப் பொறுத்தது.

```
16-bit: Layer: Low, Blending: Add, Invert: on, Scale: 2, Offset: 0
8-bit:  Layer: Low, Blending: Subtract, Invert: off, Scale: 2, Offset: 128
```

கடைசியாக High லேயரை Linear Light ஆக்கினால் படம் பழையபடி தெரியும். இரண்டையும் ஒரு குரூப்பில் போட்டு, குரூப்பின் கண்ணை அணைத்து ஏற்றிப் பாருங்கள். படத்தில் எதுவும் அசையக்கூடாது. அசைந்தால் பெரும்பாலும் Apply Image பெட்டியில் Layer என்ற இடத்தில் Low என்பதற்குப் பதிலாக Merged இருந்திருக்கும். அல்லது பிட்டுக்கு ஏற்ற வரி மாறியிருக்கும். 8 பிட்டில் ஒரு சின்ன நஷ்டம் உண்டு: வித்தியாசம் 13 என்றால் பாதி 6.5; அரையை எழுத இடமில்லாததால் திரும்பச் சேர்க்கும்போது ஓர் எண் முன்பின் ஆகும். கண்ணுக்குத் தெரியாது. ஆனாலும் ராவ் கையில் இருக்கும்போது 16 பிட்டை விட்டுவிட்டு 8-இல் வேலை செய்வதற்குக் காரணமே இல்லை.

ரேடியஸ் விஷயத்தில்தான் முக்கால்வாசிப் பேர் வழுக்குகிறார்கள். ஆக்‌ஷனில் பதிந்திருக்கும் எண்ணை எல்லாப் படத்துக்கும் அப்படியே விடுவது சரிப்படாது. ரேடியஸ் என்பது இரண்டு லேயருக்கும் இடையிலான எல்லைக் கோடு. அதைவிடச் சின்ன விவரங்கள் High பக்கம் போகும். பெரியவை Low பக்கம் தங்கும். படத்தை 100% அளவில் வைத்து, கன்னம் திரையில் தெரியும்படி நகர்த்தி, ரேடியஸை 1-லிருந்து மெல்ல ஏற்றுங்கள். நம் படத்தில் 4 வரும்போது துளைகள் மங்கத் தொடங்கும். 6-இல் மெல்லிய கோடுகள் போகும். 8-இல் துளை, பூனைமுடி எதுவும் தெரியாது. திட்டுகள் மட்டும் கலங்கலாக நிற்கும். அங்கே நிறுத்திவிடவேண்டும். முகத்தின் அளவு பாதியானால் ரேடியஸும் பாதி: 750 பிக்சல் முகத்துக்கு 4 போதும். முகம் 3000 பிக்சல் என்றால் 16 வரை போகலாம்.

தப்பாக வைத்தால் எப்படித் தெரியும்? ரேடியஸை 2 என்று வைத்துவிட்டால் துளைகளில் பாதி Low லேயரிலேயே தங்கிவிடும். பிறகு அங்கே மென்மையாக்கும்போது அவையும் அழிந்து, எதற்காக இவ்வளவும் செய்தோமோ அது வீணாகும். 20 என்று வைத்தால் தலைகீழ்: சின்னத் திட்டுகளும் மூக்கோரத்து மடிப்பும்கூட High பக்கம் ஏறிவிடும். அப்போது Low லேயரில் என்ன செய்தாலும் திட்டு போகாமல் அடம்பிடிக்கும். ஆக, துளை போகிறதென்றால் ரேடியஸ் குறைவு. திட்டு போகவில்லையென்றால் அதிகம். இரண்டு லேயரையும் அழித்துவிட்டு மறுபடி பிரிப்பதற்கு ஒரு நிமிடம்தான் ஆகும். தவறான எல்லையோடு போராடினால் அரை மணி நேரம் போய்விடும்.

பிரித்தாயிற்று. இனி திட்டுகளுக்கு வருவோம். பெரும்பாலோர் செய்வது, Low லேயரில் லாசோவால் கன்னத்தைச் சுற்றி வளைத்து, 15 அல்லது 20 பிக்சல் ஃபெதர் கொடுத்து, மறுபடியும் Gaussian Blur 25 அல்லது 30. சின்னத் திட்டுகளுக்கு இது நல்ல வைத்தியம். 20, 40 பிக்சல் அகலத் திட்டுகள் பக்கத்து நிறத்தோடு கலந்து காணாமல் போகும். Low லேயரை ஒரு நகல் எடுத்து அதில் செய்தால், பிறகு ஒபாசிட்டியைக் குறைத்துக்கொள்ளலாம்.

கன்னத்து மங்குக்கு மட்டும் இந்த வைத்தியம் பலிக்காது. அது 150 பிக்சல் அகலம். 30 ரேடியஸ் பிளர் அதன் ஓரத்தைக் குழைக்கும். நடுவில் கருமை அப்படியே கிடக்கும். அதைப் போக்குகிறேன் பேர்வழி என்று ரேடியஸை 80, 100 என்று ஏற்றுவார்கள். மங்கு போகும், கூடவே கன்ன எலும்பின் மேல் விழுந்த வெளிச்சமும், கீழே இருந்த நிழலும் சமமாகி, முகம் தட்டையாகும். துளையெல்லாம் பத்திரமாக இருந்தும் முகம் பொம்மை முகமாகத் தெரிவதன் காரணம் இதுதான். தட்டையான பரப்பின் மேல் துளைகளை ஒட்டவைத்த தோற்றம் வந்துவிடும். ஃபிரீக்வென்சி செப்பரேஷனைத் திட்டுகிறவர்கள் காட்டும் மாதிரிப் படங்களில் பல இந்த வகைதான். உத்தியின் மேல் குற்றமில்லை; வடிவத்தைக் காக்கவேண்டிய லேயரில் அளவு தெரியாமல் தேய்த்ததன் விளைவு.

மங்குக்குச் சரியான வழி கர்வ்ஸ். Low லேயருக்கு மேலே, High லேயருக்குக் கீழே ஒரு Curves அட்ஜஸ்ட்மெண்ட் லேயர் போடுங்கள். அந்த இடத்தில் இருந்தால் அது Low லேயரை மட்டும் தொடும். துளைகள் அதற்கு மேலே வந்து கூடும். Info பேனலைத் திறந்துவைத்து, High லேயரை அணைத்துவிட்டு, மங்கின் நடுவில் எண்களைப் பாருங்கள். நம் படத்தில் சிவப்பு 120, பச்சை 84, நீலம் 66. பக்கத்தில், அதே வெளிச்சம் விழும் நல்ல தோலில் 150, 108, 86. கர்வ்ஸில் சிவப்பு சேனலில் Input 120, Output 150; பச்சையில் 84-க்கு 108; நீலத்தில் 66-க்கு 86 என்று புள்ளி வையுங்கள். பிறகு மாஸ்கை Ctrl+I கொடுத்துக் கறுப்பாக்கி, மெத்தென்ற வெள்ளை பிரஷில், Flow 5 அல்லது 10 வைத்து மங்கின் மேல் மட்டும் மெல்ல வரைந்துகொண்டே வாருங்கள். மங்குக்குக் கூர்மையான ஓரம் கிடையாது, மாஸ்குக்கும் இருக்கக்கூடாது. கடைசியில் கர்வ்ஸ் லேயரின் ஒபாசிட்டியை 80-க்கு இறக்குங்கள். 120 என்பது 144 ஆகும், மேலே போட்ட அதே கணக்கு. கன்னத்தின் வெளிச்சச் சரிவு கெடாமல் அப்படியே உயர்வதுதான் கர்வ்ஸின் லாபம். நிறத்தைத் தொட்டு பிரஷில் பூசினால் அந்தச் சரிவு கெடும்.

ஏன் 80, ஏன் முழுசாக 100 இல்லை என்றால், மங்கு அவருடைய முகம். சுத்தமாக எடுத்துவிட்டால் வீட்டாருக்கே எதுவோ ஒட்டாததாகப் படும். இந்த இடத்தில் இன்னொரு விஷயத்தையும் சொல்லவேண்டியிருக்கிறது. “தம்பி, பொண்ணு கொஞ்சம் கலரா தெரியட்டும்” என்று ஏதாவது ஓர் அத்தையோ சித்தியோ ஆல்பம் தேர்வு செய்யும் நாளில் சொல்லாமல் போவதில்லை. Low லேயர் கைக்குள் வந்தபின் முகம் முழுவதையும் வெளுப்பாக்குவது மிகச் சுலபமாகிவிடும். கழுத்தும் கையும் மாநிறத்தில் நிற்க, முகம் மட்டும் வேறொருவருடையதாகும். நாம் ஏற்றவேண்டிய அளவு, அவருடைய நல்ல தோலின் எண்தான். நம் படத்தில் 150 என்றால் 150. அதற்கு மேல் ஓர் எண்கூட ஏற்றுவதற்கு ரீடச் என்று பெயரில்லை.

தாடையில் இருக்கும் பருவுக்கு வருவோம். அதன் அகலம் சுமார் 30 பிக்சல். எல்லைக் கோட்டின் இரண்டு பக்கமும் கால் வைத்து நிற்கிற ஆள் இது. லேயரின் கண் குறியை Alt பிடித்துக்கொண்டு சொடுக்கினால் அந்த லேயர் மட்டும் தெரியும். Low லேயரில் பார்த்தால் ஒரு சிவந்த கலங்கல் தெரியும். High லேயரில், சாம்பல் நிறப் பரப்பில் ஒரு பக்கம் வெளுத்து மறுபக்கம் கறுத்த ஒரு சின்ன மேடு தெரியும். ஒன்றை மட்டும் சரிசெய்தால் மற்றது காட்டிக்கொடுக்கும்: சிவப்பை மட்டும் எடுத்தால் நிறமில்லாத ஒரு புடைப்பு மிஞ்சும், புடைப்பை மட்டும் எடுத்தால் சமதளத்தில் ஒரு சிவப்புப் பொட்டு நிற்கும்.

முதலில் High லேயரில் குளோன் ஸ்டாம்ப். மேலே ஆப்ஷன் பாரில் Sample: Current Layer என்று இருக்கவேண்டியது கட்டாயம். All Layers என்று இருந்தால் முழுப் படத்தின் தோல் நிறத்தைக் கொண்டுவந்து சாம்பல் லேயரில் அப்பிவிடும். அந்த இடம் கன்னாபின்னாவென்று மாறும். பிரஷ்ஷின் Hardness 60-க்கு மேல் இருக்கட்டும். மெத்தென்ற பிரஷ் என்றால் ஓரத்தில் பழைய துளையும் புதிய துளையும் பாதிப்பாதி கலந்து, இரண்டும் மங்கி ஒரு வளையமாகத் தெரியும். துளையை எங்கிருந்து எடுக்கிறோம் என்பதும் முக்கியம். தாடைக்குத் தாடையிலிருந்தே எடுக்கவேண்டும். மூக்கின் துளை பெரிது, நெற்றியின் துளை நுணுக்கம். ஊர் மாறிப் போனால் உடனே தெரியும். வெளிச்சம் விழும் திசையும் ஒத்திருக்கவேண்டும். அதன்பின் Low லேயரின் நகலில் பருவைச் சுற்றி லாசோ, ஃபெதர், பிளர். சிவப்பு அடங்கவில்லையென்றால் அதற்கும் ஒரு கர்வ்ஸ்.

நெற்றிப் பளபளப்பு இந்த உத்தியின் எல்லையைக் காட்டும் இடம். பளபளப்பின் நடுவில் எண்களைப் பார்த்தால் மூன்று சேனலும் 255. கேமராவே அங்கே எந்த விவரத்தையும் பதியவில்லை. சுற்றிலும் 255-ஆக இருந்தால் பிளரும் 255, வித்தியாசம் பூஜ்யம், High லேயரில் அந்த இடம் வெறும் 128 சாம்பல். கர்வ்ஸை வைத்து Low லேயரில் அதை அடக்கினால் பளபளப்பு போய், துளையே இல்லாத ஒரு மந்தமான தட்டு மிஞ்சும். அது பளபளப்பை விட அசிங்கம். அதனால் அடக்கியபிறகு High லேயருக்குப் போய், பக்கத்து நெற்றியிலிருந்து துளைகளைக் குளோன் செய்து நிரப்பவேண்டும். இதை மீட்பு என்று நினைக்காதீர்கள், ஒட்டுப்போடுவதுதான். சின்ன இடமாக இருந்தால் ஒட்டு தெரியாது. நெற்றி முழுவதுமே 255 ஆகிவிட்டிருந்தால் அந்தப் படத்தை விட்டுவிட்டு ராவ் கோப்பில் ஹைலைட்டைக் குறைத்துப் பார்ப்பதுதான் புத்தி. வாட்ஸ்அப்பில் வந்த படங்களுக்கும் இதே பேச்சுதான். அங்கே துளைகள் கம்ப்ரெஷனில் ஏற்கெனவே போயிருக்கும். இல்லாததைப் பிரித்துப் பாதுகாக்க முடியாது.

இன்னும் ஒரே ஓர் ஆபத்துதான் பாக்கி: ஓரங்கள். நெற்றியும் கறுப்பு முடியும் சந்திக்கும் இடத்தில் பிளர் இரண்டையும் கலக்கிவிடுகிறது. Low லேயரில் முடியின் கறுப்பு நெற்றிக்குள் கசிந்திருக்கும். High லேயரில் அதே இடத்தில், அந்தக் கசிவை ஈடுகட்ட ஒரு வெளுத்த பட்டை இருக்கும். இரண்டும் சேரும்போது கணக்கு நேராகி ஓரம் சுத்தமாகத் தெரிகிறது. நாம் போய் Low லேயரில் அந்தக் கசிவை மென்மையாக்கினால் ஈடுகட்டும் பட்டை மட்டும் தனித்து நின்று, முடியோரத்தில் ஒரு வெள்ளைக் கோடாகத் தெரியும். நம் மணப்பெண்களுக்கு இந்த ஆபத்து கூடுதல். நெத்திச்சுட்டி, மூக்குத்தி, ஜிமிக்கி, பொட்டு என்று தோலுக்குள்ளேயே ஓரங்கள் நிறைய. ரேடியஸ் 8 என்றால் எந்த ஓரத்திலிருந்தும் 16 பிக்சலாவது தள்ளித்தான் லாசோ போகவேண்டும். ஃபெதர் வெளியே கசியும் என்பதால் அதற்கும் சேர்த்து இடம் விடுங்கள். மூக்குத்திக்குக் கீழே ஒரு சின்னக் கருமை மிஞ்சினால் மிஞ்சட்டும். யாரும் அதைப் பார்க்கப்போவதில்லை. மூக்குத்தியைச் சுற்றி ஒளிவட்டம் இருந்தால் எல்லோரும் பார்ப்பார்கள்.

முடித்தபின் சோதிக்க இரண்டு பார்வைகள் போதும். High லேயரை அணைத்து Low பக்கத்தை மட்டும் பாருங்கள். ஃபோகஸ் இல்லாமல் எடுத்த ஒரு நல்ல படமாக அது தெரியவேண்டும்: கன்ன எலும்பில் வெளிச்சம், மூக்கோரத்தில் நிழல், தாடைக்குக் கீழே இருள் எல்லாம் இருக்கவேண்டும். ஒரே நிறத் தட்டாகத் தெரிந்தால் நகல் லேயரின் ஒபாசிட்டியை 60, 50 என்று இறக்கிப் பாருங்கள். இரண்டாவது, எல்லா லேயரையும் திறந்துவைத்து, அச்சாகும் அளவில் பாருங்கள். 12×36 அங்குல ஆல்பத் தாளில் முகம் மூன்று அங்குல உயரம் வருகிறது, அச்சு 300 டிபிஐ என்றால், நம் 1500 பிக்சல் முகம் 900 பிக்சலாகச் சுருங்கும். திரையை 60% வைத்தால் ஏறக்குறைய அந்த விவரம்தான் தெரியும். 200% வைத்துக்கொண்டு ஒவ்வொரு துளைக்கும் மல்லுக்கட்டுவது அச்சில் தெரியாத வேலை.

விளம்பரங்களுக்கும் பத்திரிகை அட்டைக்கும் வேலை செய்கிறவர்களில் பலர் இதைத் தொடுவதில்லை. டாட்ஜ் அண்ட் பர்ன் முறையில் ஒவ்வொரு புள்ளியாக வெளிச்சத்தை ஏற்றி இறக்கிச் சமன் செய்கிறார்கள். அதில் கிடைக்கும் சுத்தம் இதில் கிடைக்காது என்பது உண்மை. ஒரே முகத்துக்கு மணிக்கணக்கில் உட்காருகிறவர்களின் வழி அது. ஆல்பத்துக்கு முப்பது குளோஸ்-அப் முடித்துக் கொடுக்கவேண்டிய ஆளுக்கு இதுதான் கட்டுப்படியாகும். அதற்கும் கீழே போகவேண்டாம் என்று மட்டும் சொல்வேன். மேடையில் சொந்தபந்தம் நாற்பது பேர் நிற்கும் குரூப் போட்டோவில் ஒரு முகம் 150 பிக்சல்கூட இருக்காது. அங்கே துளையே பதிவாகியிருக்காது, பிரிப்பதற்கு ஒன்றுமில்லை. பரு தெரிந்தால் ஹீலிங் பிரஷ்ஷால் ஒரு சொடுக்கு சொடுக்கிவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விடுங்கள்.